மூலையில் ஒரு முகம்

கல்யாண வீடியோவில் தொழில் கற்றவன் நான். அன்றைக்கு எடிட்டிங் என்ற சொல்லை யாரும் சொல்ல மாட்டார்கள், ‘மிக்ஸிங்’ என்பார்கள். மாப்பிள்ளை தாலி கட்டும்போது திரையின் மூலையில் இதய வடிவத்துக்குள் பெண்ணின் முகம் மிதக்க வேண்டும். அது இல்லாவிட்டால் ‘மிக்ஸிங் சரியில்லை’ என்று பாக்கிப் பணத்தை இழுத்தடிப்பார்கள். ஒரு கல்யாணத்தில் நான் மிதக்கவிட்ட இதயத்துக்குப் பின்னால் பெண்ணின் அப்பத்தா நின்றிருந்தார். அட்சதை போட்ட கை மட்டும் தெரிந்தது, ஆளைக் காணோம். கேசட் கொடுத்த அடுத்த வாரம் பெண்ணின் அப்பா கடைக்கு வந்தார். “எங்கம்மாவை எங்கே தம்பி ஒளிச்சு வெச்சீங்க?” என்றார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அதனாலேயே இன்னும் மறக்கவில்லை.

இப்போது என் மேசைக்கு வருவதெல்லாம் யூடியூப் வேலை. பாதி பாடம் நடத்தும் வீடியோ, மீதி ட்ரெய்லர் ரியாக்‌ஷன். இதயம் போய்ச் சதுரமும் வட்டமும் வந்திருக்கின்றன. அப்பத்தாவை ஒளித்துவைக்கும் வேலை மட்டும் அப்படியே தொடர்கிறது.

கடைகளில் கணக்கெழுதும் பிள்ளைகளுக்கு எக்செல் சொல்லித்தரும் ஆசிரியர் ஒருவர் நாற்பது பாடங்களை என்னிடம் கொடுத்தார். ஓபிஎஸ் மென்பொருளில் திரையையும் வெப்கேமையும் சேர்த்து அவரே பதிவு செய்திருந்தார். எல்லாப் பாடத்திலும் அவர் முகம் கீழே வலது மூலையில், 1920×1080 சட்டத்தில் 480×270 அளவில் இருந்தது. ஏழாவது பாடத்தில் ஒரு வரிசை எண்களை மவுஸால் தேர்வு செய்துவிட்டு, “ஃபார்முலாவே வேண்டாம், கீழே வலது பக்கம் பாருங்க, கூட்டல் தொகை வந்திருக்கும்” என்கிறார். எக்செல்லில் தேர்வு செய்த எண்களின் `Average`, `Count`, `Sum` மூன்றும் சன்னலின் அடிப்பட்டையில் வலது பக்கம்தான் வரும். அங்கே அவர் முகம் இருந்தது. மனிதர் முழு நம்பிக்கையோடு தன் மூக்கையே சுட்டிக்காட்டிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

நான் போனில் சொன்னதும் சிரித்தார். “அப்போ என்னை மேலே ஏத்திடுங்க தம்பி” என்றார். ஏற்ற முடியாது. ஓபிஎஸ்ஸை அமைத்த மேனிக்கே விட்டால், பல படங்களை அடுக்கிவைத்த திரை முழுவதையும் அது ஒரே கோப்பாகத்தான் எழுதும். முகத்தை உரித்தெடுத்தால் அடியில் எதுவும் இருக்காது. அப்படியே மீண்டும் பதிவு செய்து மேல் வலது மூலையில் வைத்தாலும், `Home` தாவலின் வலது ஓரத்தில் `AutoSum` பொத்தான் உட்கார்ந்திருக்கிறது. இடது மேல் மூலையில் செல் பெயரும் ஃபார்முலா எழுதும் பட்டையும். இடது கீழ் மூலையில் ஷீட் பெயர்கள். எக்செல்லை வடிவமைத்தவர்கள் நான்கு மூலையையும் நமக்கு முன்பே பிடித்துக்கொண்டார்கள். பெரும்பாலான மென்பொருள்களின் கதை இதுதான். நடுவில் வேலை நடக்கும், ஓரங்களில் கருவி இருக்கும்.

எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு தேர்வு செய்யும் கீழ் வலது மூலைக்கு வேறு வம்புகளும் உண்டு. யூடியூப் சேனலின் சின்னம் அங்கேதான் தோன்றும். முகப்புப் படத்தில் வீடியோ எத்தனை நிமிடம் என்ற கறுப்புக் கட்டமும் அங்கேதான். ஓடுபட்டை மேலெழும்பும்போது முகவாயை வெட்டும். விண்டோஸின் கடிகாரமும் அந்த மூலையில்தான், ஆனால் அதை மறைத்தால் புண்ணியம்.

இடம் இருக்கட்டும், அளவைப் பார்ப்போம். எங்கள் எடிட்டிங் அறையில் 24 அங்குல மானிட்டர். அதில் 480×270 முகம் கச்சிதமாகத் தெரியும். பார்க்கிறவர் கையில் நிமிர்த்திப் பிடித்த செல்போன், அகலம் ஏறக்குறைய 7 செ.மீ. படம் முழுவதும் 7-க்கு 4 செ.மீ. இடத்துக்குள் அடங்கிவிடுகிறது. அதில் ஆசிரியரின் சன்னல் ஒன்றே முக்கால் செ.மீ. அகலம், ஒரு செ.மீ. உயரம். அவர் தலை ஒரு மிளகு அளவுகூட இல்லை. எக்செல்லின் ஒரு வரிசை 100% அளவில் 20 பிக்சல் உயரம், போனில் அது முக்கால் மில்லிமீட்டர். உள்ளே இருக்கும் எண் அதிலும் பாதி. போனைப் படுக்கவைத்தால் எல்லாம் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகும், அப்போதும் கண்ணை இடுக்கித்தான் படிக்க வேண்டும். ஆக, முகம் என்று அடையாளம் தெரியாத முகமும் எண் என்று படிக்க முடியாத எண்ணும் ஒரே சட்டத்தில். நெரிசல் என்று நான் சொல்வது இதைத்தான். பொருள்கள் அதிகமாக இருப்பதால் மட்டும் நெரிசல் வருவதில்லை. எதுவும் தன் வேலையைச் செய்யும் அளவுக்குப் பெரிதாக இல்லாதபோதே வந்துவிடுகிறது.

மறுபடி பதிவு செய்யும் பாடங்களுக்கு முதலில் செய்தது சின்னத் தந்திரம். முகச் சன்னல் 16-க்கு 9 ஆக இருக்கவே தேவையில்லை. அந்த அகலத்தில் முகத்தின் இருபுறமும் சுவரும் காலண்டரும்தான் இருக்கின்றன. தோள் வரை வெட்டி 300×300 சதுரமாக்கினால் அடைக்கும் இடம் முப்பது சதவீதம் குறைகிறது, முகமோ முன்பைவிடப் பெரிதாகிறது. வெள்ளை ஷீட்டின் மேல் வெள்ளைச் சுவர் கொண்ட சன்னல் வந்தால் எல்லை கரைந்துவிடும், அதற்கு மூன்று நான்கு பிக்சலில் ஒரு கரை. வட்டமாக வெட்டினால் இன்னும் கொஞ்சம் இடம் மிச்சம். இதையெல்லாம் செய்துவிட்டு நான் கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த நினைப்பைக் கலைத்தது ஓர் ஆய்வு. ஸ்டான்ஃபோர்டில் ரெனே கிஸில்செக் என்பவரும் உடன் இருந்தவர்களும் 2014-இல் வெளியிட்டது. ஸ்லைடின் ஓரத்தில் ஆசிரியர் முகம் இருக்கும் பாட வீடியோவைக் காட்டி, பார்ப்பவர்களின் கண் எங்கே போகிறது என்று கருவி வைத்து அளந்திருக்கிறார்கள். பார்க்கும் நேரத்தில் 41 சதவீதம் முகத்தின் மேலேயே இருந்திருக்கிறது. சராசரியாக 3.7 விநாடிக்கு ஒருமுறை கண் முகத்துக்கும் ஸ்லைடுக்கும் இடையே தாவியிருக்கிறது. முகம் இருந்த வீடியோவைத்தான் பலரும் விரும்பினார்கள். ஆனால் பாடம் நினைவில் நிற்பதில் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. சன்னல் எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று பிக்சல் எண்ணிக்கொண்டிருந்த எனக்கு, அது எவ்வளவு நேரத்தை அடைக்கிறது என்ற கேள்வியே அதுவரை தோன்றவில்லை. ஸ்லைடு அசையாமல் நிற்கும், கண் போய்விட்டுத் திரும்பி வரலாம். எக்செல் பாடத்தில் கர்சர் நிற்பதில்லை. முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புவதற்குள் அவர் மூன்று செல் தாண்டியிருப்பார்.

பதினோராவது பாடம் `VLOOKUP`. அதுதான் எனக்குக் கண் திறந்த பாடம். ஒரு ஷீட்டில் பில், இன்னொரு ஷீட்டில் விலைப்பட்டியல். பில்லில் சரக்கின் எண்ணை அடித்தால் பட்டியலில் தேடி விலையை எடுத்துவர வேண்டும். ஆசிரியர் அனுப்பியிருந்ததில் கீழ் வலதில் முகம், கீழ் இடதில் அழுத்தும் விசைகளைக் காட்டும் பெட்டி, மேல் வலதில் நிறுவனச் சின்னம், அவ்வப்போது சந்தா மணி. இவற்றுக்கு நடுவே அவர் பில் ஷீட்டுக்கும் பட்டியல் ஷீட்டுக்கும் மாறி மாறித் தாவிக்கொண்டிருந்தார். திரையில் ஐந்து பொருள்கள் இருந்தும், ஒன்றாகப் பார்த்தாக வேண்டிய அந்த இரண்டு ஷீட்டும் ஒருமுறைகூடச் சேர்ந்து வரவில்லை.

திரையை இரண்டாகப் பிரிக்க இதைவிட நியாயமான இடம் கிடையாது. இந்த எண் அங்கே இருக்கிறது, அதன் பக்கத்து விலை இங்கே வருகிறது என்ற உறவுதான் பாடமே. உறவைக் காட்ட இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் கண்முன் இருக்க வேண்டும். இதற்கு எடிட்டர்கூடத் தேவையில்லை. `View` தாவலில் `New Window` அழுத்தி, பிறகு `Arrange All` போய் `Vertical` கொடுத்தால் எக்செல்லே ஒரே கோப்பை இரண்டு சன்னலாகப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திவிடும். `Ctrl+F1` அழுத்தினால் மேலே உள்ள பெரிய பட்டை சுருங்கும். ஒவ்வொரு பாதியும் 960 பிக்சல். ஜூமை 200% ஆக்கினாலும் ஏழு நெடுவரிசை தெரியும், பாடத்துக்கு நான்கு போதும். மறுபடி பதிவு செய்தபோது சின்னத்தையும் மணியையும் எடுத்தோம். முகத்தையும் எடுத்தோம். ஃபார்முலாவை விளக்கும் நான்கு நிமிடம் முழுவதும் ஆசிரியர் குரலாக மட்டும் இருந்தார்.

அவருக்கு இது பிடிக்கவில்லை. “மூஞ்சியே இல்லாட்டி யார் நடத்துறாங்கன்னு தெரிய வேணாமா தம்பி?” என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. பாடத்தின் தொடக்கத்தில், ‘கடையில் இந்தச் சிக்கல் எப்படி வரும்’ என்று அவர் கதை சொல்லும்போது திரையில் எக்செல்லுக்கு வேலையே இல்லை. அங்கே முகத்தை மூலையில் வைப்பதுதான் கஞ்சத்தனம், முழுச் சட்டத்திலும் வைக்கலாம். ‘இங்கேதான் பத்துப் பேரில் ஒன்பது பேர் தப்பு பண்ணுவாங்க’ என்று நிறுத்திச் சொல்லும் இடத்திலும் அப்படியே. மீதி நேரம் கர்சர் பேசட்டும், அவர் பின்னணியில் பேசட்டும் என்றேன். ஒருவழியாக ஒத்துக்கொண்டார், ஆனால் ஒரு நிபந்தனை: முகம் அறவே தெரியாத பாடம் கூடாது.

அந்த நிபந்தனையால் பிறந்ததுதான் நாங்கள் ‘பத்தி’ என்று பெயர் வைத்த அமைப்பு. முகத்தைத் திரைமேல் ஒட்டுவதற்குப் பதிலாக, திரையையே ஒல்லியாகப் பதிவு செய்வது. ஓபிஎஸ் அமைப்பில் `Base (Canvas) Resolution` என்ற இடத்தில் 1440x1080 என்று கொடுத்தோம். எக்செல் சன்னலையும் அதே அளவுக்கு இழுத்துச் சுருக்கி, டாஸ்க்பார் தானாக மறையும்படி செய்தோம். 1920-இல் 1440 போக 480 மிச்சம். அந்த 480-க்கு 1080 பத்தி ஆசிரியருக்கு. உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர் தலை முதல் மேசை வரை தெரிய அது தாராளமான இடம். எதன் மேலும் எதுவும் ஏறவில்லை. எக்செல்லில் 200% ஜூமில் பத்து நெடுவரிசை தெரிகிறது. இதுவே ஒரு வடிகட்டி. பத்துக்கு மேல் வேண்டும் என்றால், அந்த எடுத்துக்காட்டு போனில் பார்ப்பவருக்கு ஏற்றதல்ல.

முகத்தைத் தனிக் கேமராவில் நடுவில் உட்காரவைத்து எடுத்து, இரண்டு கோப்பும் ஒரே கணத்தில் தொடங்கும்படி வெட்டிவிட்டால், சேர்க்க ஒரே கட்டளை போதும். இருபது பாடங்களை இப்படித்தான் ஒரே ராத்திரியில் சேர்த்தேன்:

```
ffmpeg -i screen.mp4 -i face.mp4 -filter_complex "[1:v]crop=480:1080[f];[0:v][f]hstack[v]" -map "[v]" -map 1:a out.mp4
```

`crop` தானாகவே நடுப்பகுதியை எடுக்கும். `hstack` பக்கத்தில் பக்கத்தில் ஒட்டும், இரண்டு படத்தின் உயரமும் ஒன்றாக இருந்தால் மட்டும். இதில் நான் அடிபட்டது வேறிடத்தில். முகத்தைச் செல்போனில் எடுத்தோம். போன்கள் விநாடிக்கு இத்தனை சட்டம் என்று சீராக எடுப்பதில்லை, வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் தக்கபடி கூட்டிக் குறைக்கும். அந்தக் கோப்பை எடிட்டிங் மென்பொருளில் போட்டால், பாடத்தின் தொடக்கத்தில் உதடும் குரலும் ஒன்றாக இருக்கும், இருபதாவது நிமிடத்தில் இரண்டும் விலகிப் போயிருக்கும். அதனால் இப்போது தொடக்கத்தில் ஒரு கைத்தட்டு, முடிவிலும் ஒரு கைத்தட்டு. முதல் தட்டை ஒட்டவைத்துவிட்டு இரண்டாவது தட்டு ஒட்டுகிறதா என்று பார்ப்பேன். ஒட்டாவிட்டால் போன் கோப்பை ஹேண்ட்பிரேக்கில் `Constant Framerate` கொடுத்து மாற்றிவிட்டுத்தான் மேற்கொண்டு வேலை.

ரியாக்‌ஷன் வீடியோவுக்கு வந்தால் இந்தக் கணக்கு தலைகீழாகிறது. என்னிடம் வரும் பையன் ஒருவன் ட்ரெய்லரைப் பெரிதாகவும் தன்னைச் சிறிதாகவும் வைத்துக்கொண்டிருந்தான். பாட வீடியோவைப் பார்த்துக் கற்ற பழக்கம். ட்ரெய்லர் பார்க்க வேண்டுமென்றால் ட்ரெய்லரையே பார்த்துவிடலாம், இவனிடம் ஏன் வருகிறார்கள்? இவன் முகம் பார்க்க. சண்டைக்காட்சியின் நடுவில் புருவம் ஏறுவதைப் பார்க்க. ஆகவே முகம் சட்டம் முழுவதும், ட்ரெய்லர் மூலையில். இப்போது எந்தக் கட்டத்தைப் பார்த்து அவன் சிரிக்கிறான் என்று தெரிந்தால் போதும், அதற்குச் சின்னச் சன்னலே தாராளம்.

அந்தச் சன்னல் எந்தப் பக்கம் என்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கேமராவுக்குப் பக்கத்தில் ஒதுக்கி வைத்த மானிட்டரைத்தான் அவன் பார்க்கிறான். நம் திரையில் அவன் பார்வை இடப்பக்கம் போனால் ட்ரெய்லரும் இடப்பக்கமே இருக்க வேண்டும். வலப்பக்கம் வைத்தால் ட்ரெய்லருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எதையோ பார்த்துச் சிரிப்பவன்போல் இருப்பான், பார்ப்பவருக்குக் காரணம் புரியாது, ஆனால் உறுத்தும். ஒருமுறை மறந்து மாற்றி எடுத்துவிட்டான். படத்தைக் கண்ணாடிபோல் இடவலமாகத் திருப்பிச் சரிசெய்தேன். அனுப்பிய பிறகுதான் கவனித்தோம், அவன் டீ-ஷர்ட்டில் இருந்த எழுத்தெல்லாம் அரபிபோல் வலமிருந்து இடமாக ஓடியது.

ட்ரெய்லரையும் முகத்தையும் நேரம் சேர்ப்பதும் உயிர்நிலை. அரை விநாடி பிசகினால் நகைச்சுவைக்கு முன்பே சிரித்துவிடுவான், நடிக்கிறான் என்று முத்திரை குத்திவிடுவார்கள். அவன் இயர்போன் போட்டிருப்பதால் ஒலியை வைத்துச் சேர்க்க முடியாது. நான் முகத்தின் மேல் விழும் வெளிச்சத்தை வைத்துச் சேர்ப்பேன். ட்ரெய்லரில் கறுப்புத் திரையிலிருந்து பளிச்சென்று வெடிப்பு வரும் சட்டமும், அவன் கன்னமும் கண்ணாடியும் மின்னும் சட்டமும் ஒன்றாக நிற்க வேண்டும். அறை விளக்கைக் கொஞ்சம் குறைத்து எடுக்கச் சொல்வது இதற்காகத்தான், அழகுக்காக அல்ல.

பிறகு அவன் நண்பர்கள் மூவரையும் கூட்டிக்கொண்டு வந்தான். நான்கு முகம், ஒரு ட்ரெய்லர். நான்கையும் நான்கு கட்டமாக வைத்து நடுவில் ட்ரெய்லரை ஒட்டச் சொன்னான். நம் தொலைக்காட்சி விவாதங்களில் எட்டுப் பேர் எட்டு ஓட்டைகளுக்குள் கத்துவதைப் பார்த்து வளர்ந்த தலைமுறை, வேறென்ன கேட்பான்? செய்து காட்டினேன். பத்து நிமிட வீடியோவில் யார் சிரித்தது என்று தேடிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. நான்கு கட்டத்துக்கு ஒரே ஒரு இடத்தில்தான் வேலை இருந்தது. ட்ரெய்லர் முடிவில் எதிர்பாராத ஒரு முகம் தோன்றியதும் நால்வரும் ஒரே நொடியில் நாற்காலியை விட்டு எழுந்தார்கள். அந்த நான்கு விநாடிக்கு மட்டும் நான்கு கட்டத்தையும் வைத்தேன். மற்ற இடங்களில் யார் வாய் திறக்கிறார்களோ அவர்கள் மட்டும். ஒரே நேரத்தில் நடப்பதுதான் செய்தி என்றால் கட்டம் பிரிக்கலாம். 1913-இல் லோயிஸ் வெபர் ‘சஸ்பென்ஸ்’ என்ற மௌனப் படத்தில் திரையை மூன்று முக்கோணமாகப் பிரித்ததும் அதற்காகத்தான்: வீட்டில் போனில் கதறும் மனைவி, மறுமுனையில் கணவன், உள்ளே நுழையும் திருடன். மூன்றும் ஒரே கணத்தில் நடந்தாக வேண்டும்.

ட்ரெய்லர் சன்னலைச் சிறிதாக்கிவிட்டால் காப்புரிமைச் சிக்கல் வராது என்று ஒரு நம்பிக்கை பையன்களிடம் உலவுகிறது. மூலைக்குள் ஒடுக்கினாலும் யூடியூபின் கான்டென்ட் ஐடி கண்டுபிடித்துவிடும், ஒலியை மட்டும் வைத்தே பிடித்துவிடும். சட்டம் பார்ப்பது வேறொன்றை. ஹொசைன்சாதே என்பவர் தொடுத்த வழக்கில் 2017-இல் நியூயார்க் நீதிமன்றத்தில் எச்3எச்3 யூடியூப் சேனல் தம்பதி வென்றதற்குக் காரணம், அவர்கள் சிறு துண்டாக ஓடவிட்டு, நிறுத்தி, விமர்சித்தார்கள் என்பதே. கருத்துச் சொல்லாமல் கூடி உட்கார்ந்து பார்ப்பது போன்ற ரியாக்‌ஷன் வேறு ரகம் என்று அந்தத் தீர்ப்பே பிரித்துச் சொல்கிறது. நம் நாட்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும் விமர்சனத்துக்கும் திறனாய்வுக்கும் இடம் தருகிறது. ஆகவே நிறுத்திப் பேசும்போது ட்ரெய்லர் சன்னலை நான் முழுக்கவே எடுத்துவிடுகிறேன். உறைந்த படம் ஒன்று மூலையில் கிடந்து யாருக்கும் பயனில்லை, பேசுகிறவன் முகம் பேசட்டும்.

எல்லாச் சன்னலையும் சுருக்கு, எடு என்று சொல்வதாக நினைக்க வேண்டாம். சைகைமொழி மொழிபெயர்ப்பாளரின் சன்னலை மட்டும் தயவுசெய்து சுருக்காதீர்கள். அங்கே முகமும் கையும்தான் மொழி. பிரிட்டனின் ஒளிபரப்புக் கண்காணிப்பு அமைப்பான ஆஃப்காம், அந்தச் சன்னல் படத்தின் பரப்பில் ஆறில் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது என்று வழிகாட்டியிருக்கிறது. நம் ஆசிரியரின் 480×270 சன்னல் பதினாறில் ஒரு பங்கு.

எடிட்டரிடம் வேலை கொடுக்கும் எல்லாருக்கும் என் வேண்டுகோள் ஒன்றுதான். முகத்தையும் திரையையும் நீங்களே ஒட்டி அனுப்பாதீர்கள். இரண்டு கோப்பாக, முன்னும் பின்னும் ஒரு கைத்தட்டோடு அனுப்புங்கள். அந்த ஆசிரியரின் முதல் பத்துப் பாடங்களை மறுபடி பதிவு செய்ய அவருக்கு நேரம் இல்லை, அவை ஒட்டி வந்த கோப்பாகவே நிற்கின்றன. ஏழாவது பாடத்தில் இன்றைக்கும் அவர் தன் மூக்கைத்தான் காட்டிக்கொண்டிருக்கிறார்.